அமெரிக்கா போகும் அம்மாவுக்கு எந்தப் பாலிசி?

மகளுக்குப் பிரசவம் என்று தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா கிளம்பும் அம்மா அப்பாக்களுக்கு டிக்கெட்டுக்கு அடுத்த வேலை பயணக் காப்பீடு. பெரும்பாலும் இதைச் செய்வது பிள்ளைகள்தான். வயது, புறப்படும் தேதி, தங்கும் நாட்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் ஓர் அட்டவணை வருகிறது. ஒரு பக்கம் காப்பீட்டுத் தொகை: 50,000 டாலர், ஒரு லட்சம், இரண்டரை லட்சம். இன்னொரு பக்கம் பிரீமியம். எது குறைந்த பணத்துக்கு அதிகத் தொகை தருகிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். முப்பது வயதில் பத்து நாள் சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு இந்த முறை பெரிய கெடுதல் செய்யாது. அறுபத்தாறு வயதில், சுகரும் பிரஷரும் இருக்கும் ஒரு தாய் ஐந்து மாதம் தங்கப் போகும்போது அதே அட்டவணை ஆளைத் திசைமாற்றிவிடும்.

அட்டவணையால் கிடைக்கும் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். எதற்கு எவ்வளவு விலை என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. நாட்டை மாற்றிப் பார்த்தால், அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தால் பிரீமியம் ஏறுவதும் அவற்றை விலக்கினால் இறங்குவதும் தெரியும். வயதை அறுபதிலிருந்து எழுபத்தொன்றுக்கு மாற்றினால் விலை படிப்படியாக அல்லாமல் திடீரென்று தாவுவது தெரியும். காப்பீட்டுத் தொகையை இரட்டிப்பாக்கினால் பிரீமியம் இரட்டிப்பாவதில்லை என்பதும் தெரியும்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான கோரிக்கைகள் சிறியவை: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வழுக்கி விழுந்து கை முறிவது. 50,000 டாலரைத் தாண்டும் பில் அபூர்வம், ஒரு லட்சத்தைத் தாண்டுவது அதைவிட அபூர்வம். ஆகவே முதல் 50,000 டாலருக்கான ஆபத்துக்குத்தான் பிரீமியத்தின் பெரும்பகுதி போகிறது. அதற்கு மேலே அடுக்கும் ஒவ்வொரு 50,000-மும் நிறுவனத்துக்கு மலிவு. அட்டவணையில் கண்ணைக் கவரும் எண்ணும் இந்தக் காப்பீட்டுத் தொகைதான். அதனால் அந்த எண்ணை உயர்த்திக் காட்டிவிட்டு, செலவைக் கட்டுப்படுத்தும் வேலையை வேறு இடத்தில் செய்யலாம். நம் ஊரில் விற்கப்படும் மூத்தவர்களுக்கான பல பாலிசிகளில் நடப்பது அதுதான்.

அந்த வேறு இடத்துக்கு உள்வரம்பு என்று பெயர். முகவர்கள் சப்லிமிட் என்பார்கள். மொத்தத் தொகை எவ்வளவாக இருந்தாலும் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு, பரிசோதனைகளுக்கு இவ்வளவு என்று தனித்தனிக் கூரை. பல திட்டங்களில் இது 61 வயதில் தொடங்குகிறது. ஒரே பிறந்தநாளில் பிரீமியம் ஏறுகிறது, கிடைப்பது சுருங்குகிறது. அட்டவணை முதலாவதைக் காட்டும், இரண்டாவதைக் காட்டாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வடிவம் மட்டும் உண்மையான பாலிசிகளுடையது. 66 வயது அம்மா. பத்து வருடமாகச் சுகர், பிரஷர் மாத்திரை. முதல் பாலிசிக்கு மொத்தத் தொகை 50,000 டாலர், உள்வரம்பு இல்லை. இரண்டாவது பாலிசிக்கு இரண்டரை லட்சம் டாலர், உள்வரம்பு உண்டு, பிரீமியம் முதலாவதைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. இரண்டிலும் முதல் 100 டாலர் நம் கையிலிருந்து. டிடக்டிபிள் என்பது இதைத்தான். ஐந்து மடங்கு தொகை, விலையும் குறைவு என்று அட்டவணை இரண்டாவதை மேலே தூக்கி வைக்கும்.

போன இடத்தில் அம்மாவுக்கு மாரடைப்பு. இரண்டு நாள் ஐசியூ, இரண்டு நாள் வார்டு, ஸ்டென்ட். பில் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்: படுக்கைக்கு 24,000, ஸ்டென்ட் வைத்ததற்கு 38,000, பரிசோதனைகளுக்கு 10,000, ஆம்புலன்ஸ், மருந்து முதலானவற்றுக்கு 8,000. முதல் பாலிசி தன் எல்லை வரை 50,000 கொடுக்கும். குடும்பத்தின் தலையில் 30,000. இரண்டாவதில் ஐசியூவுக்கு நாளுக்கு 2,500, வார்டுக்கு 1,500, அறுவைக்கு 10,000, பரிசோதனைக்கு 1,500, மற்றவற்றுக்கு 2,000 என்று வரம்பு. படுக்கைக்கு 8,000, மற்றவை சேர்ந்து 13,500, ஆக 21,500. டிடக்டிபிள் போக 21,400. குடும்பம் கட்ட வேண்டியது 58,600 டாலர். இரண்டரை லட்சம் என்ற எண்ணில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த நோயாளி தொட முடியவில்லை. மீதித் தொகையைத் தொட வேண்டுமென்றால் அவர் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும்.

இத்தனையும் நிறுவனம் கோரிக்கையை ஏற்றுக்கொண்டால்தான். சுகரும் பிரஷரும் இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால் முதலில் எழும் கேள்வி, இது ஏற்கெனவே இருந்த நோயா என்பது. விலக்கு வாசகத்தில், இருந்த நோயால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளைந்தது என்ற சொற்கள் இருந்தால், இதயமும் சிறுநீரகமும் கண்ணும் காலும் அதற்குள் வந்துவிடும். பெரும்பாலான இந்தியப் பாலிசிகள் இந்த விலக்கில் ஒரு சன்னலைத் திறந்து வைக்கின்றன: உயிருக்கு ஆபத்தான அவசரநிலையென்றால், உயிரைக் காக்கும் அளவுக்கான சிகிச்சைக்கு மட்டும் பணம். அந்தச் சன்னலுக்கும் தனி வரம்பு இருக்கலாம். நம் கணக்கில் அது 10,000 டாலர் என்றால் 21,400-ம் 10,000 ஆகிவிடும். முதல் பாலிசிக்கும் இதே கேள்வி உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதில் இந்தச் சன்னல் இல்லவே இல்லையென்றால், உள்வரம்பு இல்லாத அந்த 50,000 வெறும் காகிதம்.

அமெரிக்க நிறுவனங்கள் வருகையாளருக்கு விற்கும் திட்டங்கள் வேறு வாசகத்தைப் பயன்படுத்துகின்றன. இருந்த நோய் திடீரென்று, முன்னறிவிப்பின்றி, முற்றினால் பணம் உண்டு. ஆனால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தேடியிருக்க வேண்டும், மெதுவாக மோசமாகிக்கொண்டு வந்த நிலைக்குக் கிடையாது. நள்ளிரவில் நெஞ்சு வலித்து உடனே அவசரப் பிரிவுக்குப் போனவருக்கு இது உதவும். காலில் சின்னப் புண்ணாகத் தொடங்கி, ஒரு வாரம் மஞ்சள் வைத்துப் பார்த்து, வீங்கியபின் போகும் சர்க்கரை நோயாளிக்கு உதவாது. நம் பெற்றோரின் பழக்கம் இரண்டாவது வகை. மகளுக்குச் சிரமம் வேண்டாமென்று வலியைச் சொல்லாமல் இருப்பார்கள். இந்தச் சலுகை பல திட்டங்களில் எழுபதோடு நின்றுவிடுகிறது அல்லது சுருங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயே இன்னொரு பிரிவும் உண்டு: ஒவ்வொரு சேவைக்கும் நிலையான தொகை தரும் மலிவுத் திட்டம், பில்லின் பெரும்பகுதியை ஏற்கும் விரிவான திட்டம். மலிவுத் திட்டமும் நம் ஊர் உள்வரம்புப் பாலிசியும் ஒரே குணமுடையவை.

விலக்கைக் கண்டு பயந்து பலர் எடுக்கும் குறுக்குவழி, விண்ணப்பத்தில் நோய் இல்லை என்று எழுதிவிடுவது. சில முகவர்களே யோசனை சொல்வதும் உண்டு. அமெரிக்க ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று எத்தனை வருடமாகச் சுகர் என்பது. பதில் குறிப்பில் ஏறும், குறிப்பு கோரிக்கையோடு போகும். மறைத்தது தெரிந்தபின் விலக்கைப் பற்றி வாதாடக்கூட வழியிருக்காது.

சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. மன்மோகன் நந்தா என்பவர் 2009-இல் உறவினர் திருமணத்துக்காக அமெரிக்கா கிளம்பும்போது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்திடம் வெளிநாட்டு மருத்துவப் பாலிசி எடுத்தார். முன்பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது பதிவானது. நிறுவனம் பாலிசியைக் கொடுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்துத் தளர்ந்தார். மாரடைப்பு, மூன்று ஸ்டென்ட். சர்க்கரையையும் கொழுப்புக் கோளாறையும் காட்டி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைச் சொல்லவில்லை என்றும் கூறி, நிறுவனம் மறுத்துவிட்டது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அவர் புகாரைத் தள்ளுபடி செய்தது. 2021 டிசம்பரில் நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா அமர்வு அதை மாற்றியது. உடல்நிலையைத் தெரிந்துகொண்டு, மதிப்பிட்டு, பாலிசி கொடுத்துவிட்டபின், அந்த நோயையே காரணமாகக் காட்டி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. நோயைச் சொல்லி, அது எழுத்தில் ஏறிய பாலிசிக்கும், கேள்வியே கேட்காமல் ஐந்து நிமிடத்தில் கைக்கு வரும் பாலிசிக்கும் விலை வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் வெறும் லாபமென்று சொல்ல முடியாது. முதலாவதில் நிறுவனம் ஆபத்தை மதிப்பிட்டிருக்கிறது. இன்னொன்று, நந்தாவுக்கு நியாயம் கிடைக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. தீர்ப்பு நம் பக்கம் என்ற தைரியத்தில் தெளிவில்லாத வாசகத்தை வாங்குவது சரியாகாது.

ஐரோப்பாவுக்கான பாலிசிகளை ஒப்பிடுவது ஒப்பளவில் எளிது. ஷெங்கன் விசா விதி குறைந்தபட்சம் 30,000 யூரோ காப்பீட்டையும், அவசரச் சிகிச்சை, உடலைத் தாயகம் கொண்டுவருவது முதலியவை அதில் அடங்க வேண்டும் என்பதையும் வரையறுத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் வருகிறவருக்கு அமெரிக்கா எந்தக் காப்பீட்டையும் கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் அங்கே போகிறவர் தானே அளவுகோலைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகோலாக நான் சொல்வது மேலே போட்ட கணக்கைத்தான். உங்கள் பெற்றோருக்கு வரக்கூடிய ஒரே ஒரு பெரிய நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள்: இதய நோயின் சாயல் இருந்தால் மாரடைப்பு, எலும்பு பலவீனமென்றால் இடுப்பு முறிவு. இரண்டு மூன்று பாலிசிகளின் முழு வாசகத்தை வைத்துக்கொண்டு, அந்த ஒரு பில்லை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பாருங்கள். வாசகம் குழப்பினால், நோயின் பெயரும் மாத்திரையும் குறிப்பிட்டு, இன்ன நிலையில் பணம் உண்டா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வரும் பதில் கோரிக்கை நாளில் துணைக்கு வராது. அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66 என்றால் இருவரையும் ஒரே பாலிசியில் சேர்ப்பதற்கு முன் தனித்தனியாகவும் விலை பாருங்கள். மூத்தவரின் வயதுப்பிரிவு இளையவரின் விலையையும் இழுத்துவிடலாம். எந்தத் தேதியின் வயதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. பிறந்தநாளுக்கு முன்பே பயணம் தொடங்கினால் சில இடங்களில் ஒரு வயதுப்பிரிவு மிச்சமாகும்.

எண்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த முறையும் அதிகம் உதவாது. அட்டவணையில் மிஞ்சும் திட்டங்கள் சிலவே, தொகையும் சிறியது, இருந்த நோய்க்கான சன்னல் பெரும்பாலும் மூடியிருக்கும். அங்கே பிரீமியத்தை ஒப்பிடுவதைவிட, ஆறு மாதத் தங்கலை ஆறு வாரமாகக் குறைக்கலாமா என்ற கேள்வியைக் குடும்பம் முதலில் பேசிக்கொள்ளலாம். அபாயத்துக்கு ஆளாகும் நாட்களைக் குறைக்க அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி அதுதான். பிரீமியமும் நாட்கணக்கில்தான் ஏறுகிறது.