பலர் பெயர்த்த நூலும் சொல்லொருமையும்

1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தை ஆறு குழுவினர் பகுத்துக்கொண்டு மொழிபெயர்த்தனர். ஒரு குழு முடித்த பகுதியை ஏனையோரும் ஆராய்தல் விதி. இறுதியில் ஒரு சிறு குழு முழுவதையும் மீள நோக்கிற்று. நடை பெரிதும் ஒருமைப்பட்டது. சொல்லோ ஒருமைப்படவில்லை, சொல்லொருமைக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை என முன்னுரையே கூறுகின்றது. விளைவாகப் பழைய ஏற்பாட்டின் 'ஐசாயா' புதிய ஏற்பாட்டில் 'எசாயாஸ்' ஆனார்; ஒருவர் இருவராயினர்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைப் பற்றிய நீண்ட சட்டமொன்றைப் பலர் தமிழாக்கினும் இவ்விடரே நேரும். அங்குப் 'பேர்' என்பது ஒருநாள் வேலைக் கணக்கு, 'அரைப்பேர்' அரைநாள். 'பேர்' என ஒருவரும் 'ஆள்' என மற்றொருவரும் எழுதின், கூலிக்கணக்கே மயங்கும். ஆதலின் பகுக்குமுன் சொற்பட்டியல் வேண்டும். பகுத்தபின் ஒருவரே அப்பட்டியலைக் கைக்கொண்டு முழுவதையும் ஒப்புநோக்கல் வேண்டும். மீள்நோக்கு மட்டும் நடையைத் திருத்தும், சொல்லைக் காவாது.