ஏணி எந்தப் படியில் சறுக்கும்?

முதலாண்டு இன்ஜினியரிங் வகுப்பில் முந்நூறு நானூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் முன்வரிசையில் நாலு பேர் பதில் சொல்வார்கள். மீதிப் பேர் அந்த நாலு பேரை வேடிக்கை பார்ப்பார்கள். இதை உடைக்க உலகெங்கும் கையாளப்படும் வழிகளில் ஒன்று திங்க்-பேர்-ஷேர். முதலில் தனியாக யோசித்து எழுது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய், கடைசியில் வகுப்பு முழுக்கப் பேசு. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981-ல் இதை முன்வைத்தார். இந்தியாவில் இதைப் பெரிய வகுப்பில் வைத்து அளந்து பார்த்தவர்கள் ஐ.ஐ.டி. பம்பாயின் அதிதி கோத்தியால், ருவிதஜித் மஜும்தார், சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் ஆகியோர். சுமார் 450 பேர் படித்த முதலாண்டு நிரலாக்க வகுப்பில், பத்து வாரங்களில் 13 முறை இதை நடத்தி, மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நேரில் கவனித்துக் குறித்தார்கள். சராசரியாக 83 சதவீதம் பேர் பாடத்தில் ஈடுபட்டிருந்தார்கள் என்று 2013-ல் எழுதினார்கள்.

இந்த 83-ஐ ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் சொல்வது சுலபம். ஆனால் அந்தமானில் ஒருவர் இதை அப்படியே எடுத்துச் செய்ய முடியுமா, இலங்கையில் முடியுமா என்று கேட்டால், கேள்விகளை எப்படிக் கோப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே கேள்வித் தொடரை இரண்டு இடங்களில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) பஹர்காவில் இருக்கும் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கழகம். பாலிடெக்னிக்காகத் தொடங்கி, இப்போது புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பொறியியல் பட்டமும் தரும் அரசுக் கல்லூரி. மற்றொன்று, போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம்.

கேள்வித் தொடருக்கு ஒரு விதிதான் உண்டு. ஒரு கட்டத்தில் எழுதியது அடுத்த கட்டத்துக்குத் தேவைப்பட வேண்டும். தனியாக எழுதியது இல்லாமல் இருவரும் வேலையைத் தொடங்க முடியக் கூடாது. இருவர் கண்டுபிடித்தது இல்லாமல் வகுப்பு விவாதம் நகரக் கூடாது. இது இல்லையென்றால் மூன்று கட்டமும் மூன்று இடைவேளை.

இன்ஜினியரிங் முதலாண்டில் வழக்கமாக வரும் ஏணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் ஏணி, வழுவழுப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. அடி சுவரிலிருந்து 3 மீட்டர், நுனி தரையிலிருந்து 4 மீட்டர். ஏணியின் எடை 200 நியூட்டன், ஏறுபவர் எடை 600 நியூட்டன், தரையின் உராய்வுக் கெழு 0.4.

முதல் மூன்று நிமிடம் தனியாக: ஏணியின் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் படமாக வரை. ஆள் மேலே ஏற ஏற, சுவர் தள்ளும் விசை கூடுமா, குறையுமா, மாறாதா? தரை மேல்நோக்கித் தாங்கும் விசை? காரணம் ஒரு வரியில். கணக்குப் போட வேண்டாம். இங்கே எதிர்பார்க்க வேண்டிய தவறுகள் இரண்டு. வழுவழுப்பான சுவரிலும் உராய்வு அம்பு போடுவது ஒன்று. ஆள் மேலே போனால் தரை தாங்குவது குறையும் என்று நினைப்பது இன்னொன்று. உண்மையில் அது கடைசிவரை 800 நியூட்டன்தான். சுவர் எதையும் மேல்நோக்கித் தாங்கவில்லையே.

அடுத்த ஐந்து நிமிடம் இருவராக: படங்களை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் ஒன்றுக்கு வாருங்கள். பிறகு ஒருவர், ஆள் அடிப்படியில் நிற்கும்போது சுவரின் விசையைக் கணக்கிடட்டும். மற்றவர், உச்சியில் நிற்கும்போது. ஏணியின் அடியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் முதலாமவருக்கு 75 நியூட்டன் வரும், இரண்டாமவருக்கு 525. தரை உராய்வு தாங்கக்கூடியது அதிகபட்சம் 320. ஆக நடுவில் எங்கோ ஏணி சறுக்கும். எங்கே? ஒருவரிடம் இருப்பது பாதி விடைதான். இரண்டையும் சேர்த்தால், 5 மீட்டரில் 450 நியூட்டன் கூடுகிறது, மீட்டருக்கு 90 என்று தெரியும்; 75-லிருந்து 320 ஆக 2.72 மீட்டர் ஏற வேண்டும். ஒருவர் கணக்குப் போட மற்றவர் பார்த்து எழுதுவதற்கு இதில் இடம் குறைவு.

கடைசி ஏழு நிமிடம் எல்லாரும்: மழையில் தரை நனைந்து கெழு 0.25 ஆகிவிட்டது. இப்போது 1.39 மீட்டரிலேயே சறுக்கும். இன்னொருவர், அவரும் 600 நியூட்டன், கீழ்ப்படியில் ஏறி நின்றால் உதவுமா, ஆபத்தா? இதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். எடை கூடினால் சறுக்கும் என்று ஒரு பக்கம் சொல்லும். ஆனால் அடியில் நிற்பவர் திருப்புத்திறன் எதுவும் சேர்ப்பதில்லை. தரையின் தாங்கு விசையை மட்டும் 1,400 ஆக்குகிறார். உராய்வு 350 வரை தாங்கும். மேலே ஏறுபவர் 3.06 மீட்டர் வரை போகலாம். நனையாத தரையில் தனியாக ஏறியதை விட அதிகம்.

இந்தத் தொடரைக் கிளிநொச்சியில் வைத்தால் முதல் கட்டத்திலேயே ஒரு சிக்கல் வரும். இலங்கையில் பொறியியலுக்கு வருபவர்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள். அந்தப் பாடத்தின் வினாத்தாளில் பல்தேர்வு வினா கிடையாது. எல்லாமே எழுதி நிறுவ வேண்டியவை. உராய்வு, சமநிலை, ஏணி எல்லாம் அதில் கரைத்துக் குடித்தவை. படத்தைப் பார்த்ததும் கை தானாகச் சமன்பாடு எழுதும், யோசிப்பது நடக்காது. அங்கே முதல் கட்டத்தில் எண்களையே கொடுக்கக் கூடாது. கூடுமா, குறையுமா என்ற ஊகத்தையும் காரணத்தையும் மட்டும் கேட்டால்தான் பழகிய கை நின்று தலை வேலை செய்யும்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். ஏணி சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பு இயற்பியலிலும் உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வுக்குத் தயாரான மாணவருக்கு நாலு விடையில் ஒன்றைக் குறிக்கவும், ஒற்றை எண்ணை நிரப்பவும் பழக்கம் ஊறியிருக்கும். கூடுமா குறையுமா என்று மட்டும் கேட்டால் ஒன்றை டிக் அடித்துவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். இங்கே படத்தை வரையச் சொல்வதுதான் முக்கியம்; ஊகம் அதற்குப் பிறகு. ஒரே கணக்கு, முதல் கேள்வி மட்டும் இரண்டு.

இரண்டாம் கட்டத்தில் பிரச்சினை மொழி. இலங்கையில் அனுமதி நாடு முழுவதற்குமானது. கிளிநொச்சி வகுப்பில் தமிழ்மொழி மூலம் படித்து வந்தவரும் சிங்களமொழி மூலம் வந்தவரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். விரிவுரை ஆங்கிலத்தில். இருவருக்கும் பொதுவானது இன்னும் நாக்குக்குப் பழகாத ஆங்கிலம் மட்டுமே என்றால், இருவராகப் பேசு என்ற கட்டம் மௌனமாகக் கழியும். அல்லது அவரவர் மொழிக்காரரைத் தேடித் திரும்பி உட்காருவார்கள். மேலே சொன்ன வேலைப் பிரிவினை இங்கேதான் உதவும். 75 என்று ஒருவர் தாளில் எழுதி நீட்ட, 525 என்று மற்றவர் எழுத, அம்புகளைக் காட்டிக் காட்டியே வேலை நடக்கும். பேச்சு குறைந்தாலும் கட்டம் சாகாது.

அந்தமானில் வீட்டில் வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று எது பேசினாலும், வெளியே எல்லாரையும் இணைப்பது இந்தி. அதனால் இருவர் பேச்சு தடையில்லாமல் ஓடும். ஓட்டம்தான் ஆபத்து. இந்தியில் இரண்டே வாக்கியத்தில் ‘புரிஞ்சுபோச்சு’ என்ற முடிவுக்கு வந்துவிட்டு, தாளில் ஒன்றும் இருக்காது. செமஸ்டர் தேர்வில் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது கை நிற்கும். ஆகவே இங்கே விதி வேறு: எந்த மொழியிலும் பேசலாம், ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே தாள், அதில் ஒரு படமும் ஆங்கிலத்தில் ஒரு வரிக் காரணமும் இருக்க வேண்டும்.

கட்டம் நடக்கிறதா என்று அறிய சத்தத்தை நம்பக் கூடாது. நல்ல சத்தம் கிரிக்கெட்டுக்கும் வரும். மூன்றாவது, எட்டாவது, பன்னிரண்டாவது வரிசைகளுக்குப் போய், வரிசைக்கு இரண்டு தாள் பார்த்தால் போதும். ஒரு நிமிடம் ஆகியும் தாள் வெறுமையாக இருந்தால் கேள்வி புரியவில்லை. எல்லாத் தாளிலும் ஒரே விடை என்றால் கேள்வி சுலபம். பேச எதுவும் இல்லை. ஹார்வர்டில் எரிக் மஸூர் இதேபோன்ற முறைக்கு ஒரு அளவு சொன்னார்: தனியாக யோசித்தபோது சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பக்கத்தவரோடு பேசுவதில் பயன். கையை நெஞ்சருகே வைத்து ஒரு விரல், இரு விரல், மூன்று விரல் என்று காட்டச் சொன்னால், பக்கத்தவர் விடையைப் பார்த்து மாற்றாமல் ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளலாம்.

மூன்றாம் கட்டத்தைத் தீர்மானிப்பது யார் வினாத்தாள் எழுதுகிறார் என்பது. கிளிநொச்சியில் பாடம் எடுத்தவரே வினாத்தாளையும் எழுதுகிறார். நனைந்த தரையும் கீழ்ப்படியில் நிற்பவரும் அவர் விரும்பினால் தேர்வில் வரும்; அது மாணவருக்குத் தெரிந்தால் கடைசி ஏழு நிமிடத்தில் யாரும் புத்தகத்தை மூட மாட்டார்கள். ஐ.ஐ.டி. பம்பாயும் இப்படித்தான், அங்கேயும் பாடமும் தேர்வும் ஒரே கையில். பஹர்காவில் அப்படியில்லை. பாடத்திட்டம் புதுச்சேரியிலிருந்து வருகிறது, வினாத்தாளும் கல்லூரிக்கு வெளியிலிருந்து. பாடத்தை முடித்தாக வேண்டும். அந்த வகுப்பில் கடைசி ஏழு நிமிடம் மாணவருக்கு உபரியாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

இதைக் கவனிக்காததால்தான் 83 சதவீதத்தைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். தரச்சான்றில் இந்தியாவும் இலங்கையும் ஒரே பாதையில் இருக்கின்றன. இரண்டுமே 2014-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட உறுப்பினர்களாயின. எல்லைக்கோடு நாடுகளுக்கு நடுவே இல்லை, வினாத்தாள் யார் கையில் என்பதில் இருக்கிறது. இந்த முறையைப் பொறுத்தவரை ஐ.ஐ.டி. பம்பாய்க்குக் கிளிநொச்சி சொந்தக்காரர். ஸ்ரீ விஜயபுரமும், தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளும் தூரத்து உறவு.

எனவே இணைப்புக் கல்லூரியில் தொடரைப் பின்னாலிருந்து கோக்க வேண்டும். பழைய பல்கலைக்கழக வினாத்தாளில் இருக்கும் பெரிய மதிப்பெண் ஏணிக் கணக்கை எடுத்து, அதன் முழு விடையை இருவர் கட்டத்தின் முடிவாக வைக்க வேண்டும். 2.72 மீட்டர் வந்ததும் தேர்வுக்கான விடை கையில் இருக்கும். நனைந்த தரையை அதற்குப் பிறகுதான் கொண்டுவர வேண்டும், அதையும் ஏழு நிமிடமல்ல, மூன்று நிமிடமாகச் சுருக்கி. அந்த நேரம் போனால் பாடம் பாழாகாது. கிளிநொச்சியில் அந்தக் கேள்விதான் தொடரின் உச்சம். இங்கே அது மேல்மிச்சம். அந்தமானில் மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை பெய்யும், நனைந்த தரை மாணவர்களுக்குப் பழகியதுதான். மூன்று நிமிடம் கொடுத்தாலும் பேச ஆள் இருக்கும்.