கோல் தட்டும் கணம்

பள்ளி ஆண்டு விழாக் காணொளி ஒன்றின் தொகுப்புத் தரத்தை அறிய, நேராகக் கோலாட்டம் வரும் இடத்துக்குப் போய்விடலாம். எட்டுச் சிறுமிகள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். அரங்கின் பின்புறமிருந்து எடுத்த காட்சியில் கைகள் உயர்கின்றன. பக்கவாட்டுக் காட்சியில் கோல்கள் மோதுகின்றன. மோதிய அதே நொடியில் 'டக்' என்ற ஓசை காதில் விழுகிறது. காட்சி மாறியதே கண்ணில் படவில்லை என்றால் தொகுத்தவர் கைதேர்ந்தவர். மூன்று பெற்றோர் மூன்று செல்போன்களில் எடுத்தது அது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

மூன்று படங்களையும் ஒரே காலக்கோட்டில் பொருத்தித் தருவது ஒலி. டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் மூன்று கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, மல்டிகேம் கிளிப் உருவாக்கும்போது Angle Sync என்ற இடத்தில் Sound என்று கொடுத்தால் போதும். ஒவ்வொரு போனும் பதிந்த ஒலி அலையை ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடத்தில் அது கோப்புகளை நிறுத்திவிடும். பேச்சு இதற்கு மிகவும் உதவும், ஒவ்வொரு சொல்லின் அலையும் வேறுவேறு வடிவம் என்பதால். கோலாட்டம் அப்படியல்ல, ஒரே தட்டு திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் நின்றுபோய் மறுபடி தொடங்கிய ஒரு துண்டில் கோலாட்டம் மட்டுமே இருந்தால், மென்பொருள் ஒரு தட்டு முன்னாலோ பின்னாலோ பொருத்திவிடக்கூடும். ஓசை சரியாகவே கேட்கும். ஆனால் ஒரு காட்சியில் இடப்பக்கம் திரும்பிய பெண், அடுத்த காட்சியில் வலப்பக்கம் திரும்பியிருப்பாள்.

இது பெரிய பிழை, எவருக்கும் தெரிந்துவிடும். ரசிகரின் கண் தேடுவது இதைவிடச் சிறிய ஒன்றை.

ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 343 மீட்டர் போகும். வினாடிக்கு 30 பிரேம் ஓடும் படத்தில், ஒரு பிரேம் நேரத்தில் அது கடப்பது 11 மீட்டருக்குச் சற்று அதிகம். முதல் போன் மேடையடியில், ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது போன் 23 மீட்டர் பின்னால், கடைசி வரிசையில். ஒளி இரண்டையும் ஒரே நேரத்தில் எட்டுகிறது, ஒலி மட்டும் பின்வரிசைக்கு இரண்டு பிரேம் தாமதமாகப் போகிறது. ஒலியை வைத்து இரண்டையும் பொருத்தினால், பின்வரிசைப் படம் இரண்டு பிரேம் முந்திவிடும். அதில் கோல்கள் மோதி விலகத் தொடங்கிய பிறகே ஓசை கேட்கும்.

நல்ல தொகுப்பாளர் இங்கே மென்பொருளை நம்பி நிற்பதில்லை. மல்டிகேம் கிளிப்பைத் தனியே திறந்து, மேடையடிப் படத்தில் கோல்கள் தொடும் பிரேமைக் கண்டுபிடிக்கிறார். பின்வரிசைப் படத்திலும் அதே மோதலைத் தேடி, இரண்டும் ஒன்றுசேரும்வரை பின்வரிசைப் படத்தை வலப்பக்கம் நகர்த்துகிறார். பின்வரிசைக்கென்று அரங்கில் தனி ஸ்பீக்கர் இருந்தால் கணக்கு மாறும். ஒலி அங்கே கம்பி வழியாகத் தாமதமின்றி வந்துவிடுகிறது. அதனால் மீட்டரை எண்ணுவதைவிட கோலைப் பார்ப்பதே சரி.

செல்போனுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. பல போன்களின் பிரேம் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை; அரங்கில் வெளிச்சம் குறையும்போது 30 என்பது 24 ஆகக்கூட இறங்கலாம். வரவேற்புரையில் கச்சிதமாகப் பொருந்திய உதடும் குரலும் பரிசளிப்பின்போது விலகி நின்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொகுக்கத் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் Constant Framerate என்று தேர்ந்து மூன்று கோப்புகளையும் மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிறகுதான் வெட்டு. மூன்று காட்சிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓட, வேண்டியதைச் சொடுக்கினால் அந்த இடத்தில் வெட்டு விழும். ஒலியைக் காட்சிக்குக் காட்சி மாற்றக் கூடாது. படத்தை மட்டும் மாற்றி, இரைச்சலும் பிசிறும் இல்லாத ஒரு போனின் ஒலியைக் கடைசிவரை ஓடவிட வேண்டும். சரியாகத் தட்டு விழும் பிரேமிலேயே வெட்டுவது பலருடைய பழக்கம். அதைவிட அழகு, கை உயர்ந்துகொண்டிருக்கும்போதே, தட்டுக்கு நாலைந்து பிரேம் முன்னால் வெட்டுவது. பாதி அசைவை ஒரு காட்சியில் பார்த்த கண், மீதி அசைவைத் தேடிக்கொண்டு அடுத்த காட்சிக்குள் தானாகவே போய்விடுகிறது. வரிசைகள் இடம் மாறும் கட்டத்தில் மட்டும் பின்வரிசைக் காட்சியை விட்டு நகராமல் இருப்பதே நல்லது. அங்கே ஆட்டத்தின் கோலம் முழுவதும் தெரிய வேண்டும். தன் பிள்ளையின் முகம் வரவில்லையே என்று ஒரு பெற்றோர் குறைபட்டாலும் சரி.

அடுத்த ஆண்டு விழாவில் போனை நீட்டப்போகும் பெற்றோர் மூவருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். 2021-இல் மாநிலப் பாடலான அதை 55 வினாடிகளில் பாட வேண்டும் என்பது அரசு வகுத்த விதி; மூன்று போன்களிலும் ஒரே ஒலி பதிய அந்த நேரம் தாராளம். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை பதிவை நிறுத்தாதீர்கள்.