நடு எண்ணும் பூவும்

உரப்பையின் மேல் அச்சிடப்படும் மூன்று எண்களுள் முதலாவது தழைச்சத்தையும், இரண்டாவது மணிச்சத்தையும், மூன்றாவது சாம்பல்சத்தையும் எடை விழுக்காட்டில் குறிக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் மாடித்தோட்டங்களில் இவற்றை முறையே இலைக்கும் பூவுக்கும் காய்க்கும் உரியனவாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. எளிதில் நினைவில் நிற்கும் இந்த விதி முதல் எண்ணைப் பொறுத்தவரை பெரிதும் சரியானது. நான்கைந்து வாரங்களில் அறுவடையாகும் சிறுகீரைக்குத் தழைச்சத்தே முதன்மைத் தேவை. வடகிழக்குப் பருவமழை தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளிலிருந்து அதனை அரித்துச் சென்றால், அடியிலைகளே முதலில் வெளுத்து அந்தக் குறையைக் காட்டிவிடுகின்றன.

விதி தடுமாறுவது நடு எண்ணில்தான். 18:46:0 என்ற டிஏபியைக் கண்டதும் பூக்களுக்கு ஏற்றது என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அந்த 46 பாஸ்பரஸின் ஆக்சைடு வடிவக் கணக்கு என்பதால், நூறு கிராம் உரத்தில் தனிமமாக உள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ இருபது கிராம் மட்டுமே. அவ்வளவும்கூடப் பைச்செடிக்கு மிகுதிதான். பூக்கும் பருவத்திலும் செடி தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் விட மணிச்சத்தை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது.

இந்த நம்பிக்கைக்கு வயலில் ஓர் அடிப்படை இல்லாமலில்லை. மல்லிகைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செடிக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்தும், மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 120 கிராமும் பரிந்துரைக்கிறது. நிலத்து மண் மணிச்சத்தின் பெரும்பகுதியைப் பிணைத்து வேருக்கு எட்டாமல் வைத்துவிடுவதால் அங்கு அளவு கூடுகிறது. தென்னைநார்க் கழிவு அவ்வாறு பிணைப்பதில்லையாதலால், அதே விகிதத்தைப் பைக்குள் தொடர்ந்து இட்டால் மிகுந்த மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிட்டாமல் செய்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் காரத்தன்மையையும் சேர்க்குமானால் இச்சிக்கல் பெருகும். நரம்புகள் பச்சையாக நிற்க, நடுவே மஞ்சளாகும் இளந்துளிர் அதன் அடையாளம். அதைப் பசியென்று எண்ணி மேலும் டிஏபி இடுவதே மிகப் பரவலான தவறு.

மூன்றாம் எண்ணைப் பற்றிய கருத்து பாதி சரியானது. சாம்பல்சத்து இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுசெல்ல உதவுவதால், தக்காளி காய்பிடித்தபின் 13:0:45 உரத்தை லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் வீதம் கரைத்து இடுவது பொருத்தமானதே. எனினும் காயின் நுனி கருத்து அழுகினால், அது கால்சியம் காய்க்குச் சென்று சேராததன் விளைவு. அந்தச் சத்து மூவெண்களில் ஒன்றிலும் இல்லை என்பதோடு, ஒருநாள் காய்ந்தும் மறுநாள் ஊறியும் மாறும் பையே பெரும்பாலும் அதற்குக் காரணம். சாம்பல்சத்தை மேலும் கூட்டினால் கால்சியத்தை உறிஞ்சுவதும் தடைப்படும்.

இவ்வாறே மே மாதத்தில் தக்காளிப் பூக்கள் உதிர்வதைக் கண்டு 0:52:34 தேடுவோரும் உள்ளனர். இரவு வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் செயலிழப்பதே பெரும்பாலும் அந்த உதிர்வுக்குக் காரணமாதலால், அப்போது தேவைப்படுவது நிழல்வலையும், வெப்பம் தாங்கும் ரகமும், விதைப்பை ஆடிக்குப் பின் தள்ளிவைப்பதுமே.