28-வது கேள்வி எங்கிருந்து வந்தது?

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் ஒன்று டைப் செய்யப்பட்டுச் சுற்றுகிறது. மூலம் ஒரு மொபைல் போட்டோ. ஒரு பக்கத்தின் அடிப்பகுதி படத்தில் விழவில்லை. கடைசியாகத் தெரிவது 27, அடுத்த பக்கம் 29-ல் ஆரம்பிக்கிறது.

28 என்று ஒரு கேள்வி இருந்தது நிச்சயம். பகுதி II-ன் தலைப்பே 'பத்துக்கு விடையளி, 28 கட்டாயம்' என்கிறது. ஆனா அது என்ன கேள்வின்னு படத்தில் இல்லை. டைப் செய்தவர் புத்தகப் பயிற்சிக் கணக்கு ஒன்றை அங்கே சத்தமில்லாமல் வைத்துவிட்டார். மதிப்பெண் கூட்டினால் 100 சரியாக வரும். அதனால் கூட்டல் இதைக் காட்டிக்கொடுக்காது. 'கட்டாயக் கேள்வியா இதுதான் வந்தது' என்று மாணவர்கள் நம்புவார்கள்.

27-ஐயும் பாருங்க. ஆங்கில வரியின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருக்கு. மேல்பாதியை மட்டும் வைத்து 2-ஆ 3-ஆ என்று சொல்ல முடியாது. இவர் 2 போட்டிருக்கார். மேலே உள்ள தமிழ் வரியில் அதே எண் முழுசா இருக்கு: 3.

தமிழ் வரியிலிருந்து 27-ஐ மீட்கலாம், மீட்டதாகக் குறிக்கணும். 28-க்கு நேர்மையான பதிவு ஒன்றுதான்: [படத்தில் வெட்டுப்பட்டது].