சுவரெழுத்தின் சம்பிரதாயங்களும் திருநின்றவூர்ச் சுவர் ஒன்றும்

சுவரில் விளம்பரம் எழுதும் கலையில் தமிழ்நாட்டில் மூன்று சம்பிரதாயங்கள் உண்டு. சென்னை மௌண்ட்ரோடில் சினிமா பேனர் வரைந்தோர், கட்டம் போட்டு உருவத்தைப் பெரிதாக்கி, எழுத்துக்கு நிழலும் கனமும் கொடுத்து, பார்ப்பவரை நிற்கவைக்க முயன்றவர்கள். அரசியல் கட்சிகளுக்காக இரவோடிரவாக எழுதியோர், சுண்ணாம்படித்த சுவரில் நீலத்தையும் சிவப்பையும் தட்டையாகத் தீட்டி, வேகத்தையும் சிக்கனத்தையும் பிரதானமாகக் கொண்டவர்கள். கடைப் பலகை எழுதியோரோ, எனாமல் பெயிண்டால் தகரத்தில் நிதானமாக எழுதி, அளவு பிசகாமையையே கௌரவமாக எண்ணியவர்கள். ஃப்ளெக்ஸ் அச்சு முதலாவதை ஏறக்குறைய விழுங்கிவிட்டது. சுவரில் விளம்பரம் எழுத நினைக்கும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரருக்கு இரண்டாமவர் வர்ணமும் மூன்றாமவர் அளவும் வேண்டும். நிழலெழுத்து வேண்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

திருநின்றவூரில், சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, இருபது அடி நீளமும் ஆறடி உயரமும் கொண்ட மதிற்சுவர் ஒன்று அவருக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் சுமார் 36 அடி நகர்கிறது. ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமின்றி வாசிக்கலாம் என்ற பழைய கணக்கின்படி பத்து அங்குல எழுத்து நூறடிக்கு எட்டுமாயினும், அந்த நூறடியைப் பேருந்து மூன்று விநாடிக்குள் கடந்துவிடுகிறது. கடையின் பெயரையும் தொழிலையும் பிரயாணி அதற்குள் கிரகித்துக்கொள்வார்; பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை ஒருபோதும் கிரகிக்கமாட்டார். ஆகவே, வண்டிகள் தயங்கும் வேகத்தடைக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ அருகேயுள்ள சுவர், அதைவிட நீளமான வேறெந்தச் சுவரையும்விட மேலானது.

அடுத்தது வரிப் பங்கீடு. தமிழெழுத்துக்கு உடல் மட்டும் போதாது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இடம் கேட்கும். ‘ஹார்டுவேர்ஸ்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளிகள் இருக்கின்றன. பத்து அங்குல உடலுக்கு மேலும் கீழும் நான்கு நான்கு அங்குலம் விட்டுப் பதினெட்டு அங்குலமாகக் கணக்கிடாதவர், புள்ளியை மேல் விளிம்பில் முட்டவைத்துத் தவிப்பார். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, ‘விலை’யிலுள்ள லகரத்தின் பழைய தும்பிக்கை மறைந்து தனிக்குறியாக முன்னே வந்துவிட்டதால், பழைய பலகையின் அகலத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது.

மதிலின் அடிப்பகுதி ஒன்றரை அடியை எழுத்துக்கு ஒதுக்கலாகாது. வடகிழக்குப் பருவமழையில் தரையிலிருந்து தெறிக்கும் சேறும், சுவரில் கசியும் ஈரத்தால் பூக்கும் உப்பும் முதலில் அழிப்பது அந்த இடத்தையே. ஆனால் வழக்கமாகத் தொலைபேசி எண்ணை அங்கேதான் எழுதுகிறார்கள்! அப்பகுதியைக் காவியால் பட்டையடித்துவிட்டு, எஞ்சிய நாலரை அடியில், மேல் வரியில் பெயரும், நடு வரியில் ஒன்பது அங்குல உயரத்தில் எண்ணும், கீழ் வரியில் ஆறு அங்குலத்தில் ‘சிமெண்ட், கம்பி, பைப், பெயிண்ட்’ என்ற சரக்குகளும் வந்தால் இடைவெளிகளுக்கும் தாராளமாக இடம் இருக்கும். எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்து ஒரே ஒரு எண் எழுதுக. மூன்று எண் எழுதினால் ஒன்றும் மனத்தில் நில்லாது. ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிப்பதால், கடை எந்தப் பக்கம் என்பதை எண்ணுக்கு அருகிலேயே குறிப்பிடுவது நீண்ட விலாசத்தைவிட உபயோகமானது.

வர்ண விஷயத்தில், மஞ்சள் நிலத்தில் கறுப்பு நெடுந்தூரம் எட்டும். வெள்ளையில் கருநீலம் அதற்கடுத்தது. வெள்ளையில் மஞ்சள் மறைந்துபோகும். நீலத்தின்மேல் சிவப்பு கண்ணைக் கூசவைக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால், நிறம் விலகி வெளிச்ச வேறுபாடு மட்டும் எஞ்சி, குறை உடனே தெரியும். சுண்ணாம்புச் சுவரில் அல்ட்ராமரின் நீலம் நிற்கும். பிரஷ்ய நீலமோ சுண்ணாம்பின் காரத்தால் பழுப்பேறிக் கெட்டுவிடும். மலிவான சிவப்புப் பொடிகள் வெயிலில் வெளுக்க, காவி மட்டும் உறுதியாக நிற்கிறது. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் நான்கு வாரமாவது உலரவிடாமல் எனாமல் அடித்தால், அதன் காரம் பெயிண்டை அரித்துப் பிசுபிசுப்பாக்கி உரித்துவிடும்; ஆதலால் பொங்கலுக்குப் பிந்திய உலர்ந்த மாதங்களே இதற்கு உகந்தவை.

நூலில் நீலப்பொடி தடவி வரிக்கோடு அடிக்குமுன், சுவர்ச் சொந்தக்காரரிடம் எழுத்துமூலம் சம்மதம் பெறவேண்டும். பொது இடங்கள் அலங்கோலமாவதைத் தடுக்க 1959-இல் இயற்றிய சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. எழுதி முடிந்தபின், ஏணியை எடுப்பதற்கும் கூலியைக் கொடுப்பதற்கும் முன்னால், கடைக்காரர் சாலையின் எதிர்ப்புறம் நின்று, சுவரில் உள்ளதைப் பார்த்தே அந்த எண்ணை அழைத்துப் பார்ப்பாராக.