கால்குலேட்டர் காட்டும் முதிர்வுத் தொகை கைக்கு வருமா?

திருவேங்கடத்தில் ஒரு லட்ச ரூபாயை ஐந்து வருடத்துக்கு டெபாசிட் போட நினைப்பவர், வங்கிக்கோ தபால் ஆபீஸுக்கோ போகுமுன் கைப்பேசியில் எஃப்.டி. கால்குலேட்டரைத் தட்டிப் பார்க்கிறார். தொகை, வட்டி, காலம், கூட்டு வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று அதில் நான்கு கட்டங்கள். பலரும் தடுமாறுவது கடைசிக் கட்டத்தில்தான். ஆனால் அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. 7.5 சதவீதத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்த்தால் ஐந்து வருட முடிவில் 1,44,995 ரூபாய் வரும். மாதாமாதம் சேர்த்தால் 1,45,329. வித்தியாசம் 334 ரூபாய். அதுவே வட்டி 7.25 ஆகக் குறைந்தால், காலாண்டுக் கணக்கிலேயே 1,769 ரூபாய் போய்விடும். எனவே வங்கிகளை ஒப்பிடும்போது வட்டி விகிதத்தைப் பார்த்தால் போதும்.

கால்குலேட்டர் உண்மையில் சறுக்குவது தபால் ஆபீஸ் டைம் டெபாசிட்டில். ஐந்து வருட டெபாசிட்டுக்கு 2023 ஏப்ரல் முதல் 7.5 சதவீதம் என்று அறிவித்தார்கள். வட்டியைக் காலாண்டுக் கூட்டு வட்டியாகத்தான் கணக்கிடுகிறார்கள். பத்தாயிரத்துக்கு வருடம் 771 ரூபாய். ஆனால் அந்த வட்டி அடுத்த வருடம் அசலோடு சேர்வதில்லை. வருடா வருடம் வெளியே வந்துவிடும். எடுக்காமல் விட்டாலும் அதற்கு மேல்வட்டி கிடையாது. ஆக, ஒரு லட்சத்துக்கு வருடம் 7,710 வீதம் ஐந்து வருடத்தில் மொத்தம் 1,38,550 ரூபாய்தான். கால்குலேட்டரோ 1,44,995 என்று ஆசை காட்டுகிறது. 6,445 ரூபாய் இடைவெளி சின்னத் தொகை இல்லை.

இதனால் ஒப்பீடே தலைகீழாகலாம். 7 சதவீதம் தரும் ஒரு வங்கியில், வட்டி அசலோடு சேரும் டெபாசிட்டாகப் போட்டால் 1,41,478 ரூபாய் வரும். அரை சதவீதம் குறைவாகத் தரும் வங்கி முந்திக்கொள்கிறது. வருடா வருடம் வரும் வட்டியை 4 சதவீதம் தரும் தபால் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தால் தபால் ஆபீஸ் பக்கம் சுமார் 1,41,760 ஆகி, மறுபடி மயிரிழையில் முந்தும். வட்டியை வருடம் ஒருமுறை கையில் வாங்கிச் செலவு செய்கிறவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அவருக்கு 7.5 சதவீதம்தான் நல்லது.

ஆர்.டி.யில் இந்தச் சிக்கல் இல்லை. தபால் ஆர்.டி.யில் வட்டி உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். 6.7 சதவீதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் ஐந்து வருடத்தில் 71,366. மாதக் கூட்டு வட்டி என்று தவறாகத் தட்டினாலும் 70 ரூபாய்தான் கூடும்.

வங்கியில் வட்டி அசலோடு சேரும் டெபாசிட்டுக்கும் ஆர்.டி.க்கும் கால்குலேட்டரை நம்பலாம். தபால் டைம் டெபாசிட்டுக்கு நம்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் 10,000 ரூபாய், 7.5 சதவீதம், ஐந்து வருடம் என்று போட்டுப் பாருங்கள். 13,855 என்று வந்தால் அது தபால் கணக்கு. 14,499ஐ ஒட்டி வந்தால் வங்கிக் கணக்கு.